கை நனைக்காதவர்

வலது கண் எனக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. அதற்காக நான் ஒப்பாரி வைக்கவில்லை. மிச்சமிருந்த ஒன்றை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கினேன், ஊசியில் நூல் கோத்தேன், யார் தயவும் இல்லாமல் இருந்தேன். அந்த இடது கண்ணிலும் நடுவில் கறை விழுந்தபோதுதான் பயம் வந்தது. எதிரே வருகிறவரின் காது தெரியும், தோள் தெரியும், முகம் இருக்கிற இடத்தில் புகை மூடியிருக்கும். சர்க்கரையால் கண்ணுக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது என்று புதுச்சேரியில் கண் டாக்டர் சொன்னார். மாதத்துக்கு ஒரு ஊசி கண்ணுக்குள்ளேயே போட வேண்டும், நடுவில் விட்டால் போட்டதும் வீண் என்றார்.

நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, ஆர்ச் கேட்டிலிருந்து நடந்துவரும் தூரத்தில் எனக்கு இரண்டு அறை வீடு. என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் வேலையில் இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டார். அவர் வேலைக்குப் பதிலாகக் கம்பெனி கேன்டீனில் எனக்கு வேலை கொடுத்தார்கள். ஷிப்டுக்கு ஷிப்டு அண்டா அண்டாவாகச் சோறு வடித்த கை இது. ரிட்டயர் ஆன அன்று குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்பது தெரிந்த கதை, அதனால் முன்கூட்டியே இந்த வீட்டைக் கட்டிக்கொண்டேன். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவள் கட்டிய வீடு.

மகன் பெங்களூரில் இருக்கிறான். அங்கே வந்துவிடு என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் கூப்பிடுவான். ஒருமுறை போய் இருந்து பார்த்தேன். மாடியில் வீடு. காலையில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு போனால் பொழுது சாயும் வரை பால்கனிக் கம்பிக்குள் இருந்து கீழே கார்கள் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தண்ணீர் கேட்டால் கொடுப்பார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் நான் அடுப்பைத் தொட்டால் மருமகள் முகம் மாறும். கண் போனால் அந்தப் பால்கனிதான் என்று எனக்குத் தெரியும். இந்த ஊசியை நான் விடாமல் போட்டுக்கொண்டது கண்ணுக்காக மட்டும் இல்லை, என் வீட்டுச் சாவி என் இடுப்பில் இருக்க வேண்டும் என்பதற்காக.

முதல் ஊசிக்குப் பஸ்ஸில் தனியாகத்தான் போனேன். சொட்டு மருந்து விட்டால் கண் பாப்பா விரிந்துவிடும். ஊசி போட்டு வெளியே வந்தால் வெயில் முழுவதும் கண்ணுக்குள் கொட்டுகிறது. பஸ் ஸ்டாண்டில் போர்டு எழுத்தைப் படிக்கிற அளவுக்கு எனக்கு எப்போதுமே வராது. முதல் எழுத்தையும் நிற்கிற இடத்தையும் வைத்து ஏறுகிறவள். அன்றைக்கு அதுவும் தெரியவில்லை. யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எதிலோ ஏறி விழுப்புரத்தில் இறங்கினேன். அங்கிருந்து பண்ருட்டி, பண்ருட்டியிலிருந்து நெய்வேலி என்று வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. இரண்டாம் முறை போனபோது ஆஸ்பத்திரி நர்ஸ், கூட யார் என்று கேட்டாள். யாரும் இல்லை என்றேன். திரும்ப அழைத்துப்போக ஆள் இல்லாமல் ஊசி போட மாட்டோம் என்று சொல்லி உட்கார வைத்துவிட்டாள். அவளுக்கு என் பிள்ளை வயசுதான், நல்லதற்குத்தான் சொன்னாள். பக்கத்து நாற்காலியில் இருந்த குடும்பம், போகிற வழியில் என்னைப் பஸ் ஏற்றிவிடுவதாகச் சொன்ன பிறகுதான் ஊசி நடந்தது.

இதைக் கேட்ட பக்கத்து வீட்டுப் பெண்தான் அந்த வண்டியைப் பற்றிச் சொன்னாள். அவள் புருஷன் சுரங்கத்தில் காண்டிராக்ட் வேலை, அவளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள், என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்து உட்கார அவளால் ஆகாது. டவுன்ஷிப்பில் ரிட்டயர் ஆனவர்கள் சிலர் சேர்ந்து, சொந்தக் காரில் வயசானவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறார்களாம். சம்பளம் கிடையாதாம்.

"தர்ம வண்டியில ஏறச் சொல்றியாடி?" என்றேன்.

"ஏன் ஆயா, விழுப்புரம் வரைக்கும் போயிகினு வந்தியே, அது என்னா வண்டி? சொந்த வண்டியா?" என்றாள். வாய் நீளம் அவளுக்கு.

நம்பரை அவளே அழுத்திக் கொடுத்தாள். அந்தப் பக்கம் எடுத்தது பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மா. எந்த வண்டி எந்த நாள் யாருக்கு என்று ஒழுங்கு செய்வது அவர்தான். ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், போன முறை உள்ளே எவ்வளவு நேரம் ஆனது, தானாக நடப்பேனா, காரில் ஏற இறங்க முடியுமா, கையில் போன் உண்டா, அவசரத்துக்குச் சொல்ல மகன் நம்பர் என்ன. இரண்டு நாளாவது முன்னால் சொல்ல வேண்டும் என்றார். டவுன்ஷிப்புக்குள் இருக்கிற ஆஸ்பத்திரி என்றால் இறக்கிவிட்டுப் போய், போன் செய்ததும் திரும்ப வருவார்களாம். புதுச்சேரி தூரம் என்பதால் வண்டி அங்கேயே காத்திருக்கும். சம்மதக் கையெழுத்தெல்லாம் நீங்கள்தான் போட வேண்டும், டிரைவர் போட மாட்டார், ஆனால் அழைத்துப்போக ஆள் இருக்கிறது என்று உள்ளே வந்து சொல்லித் தன் நம்பரைக் கொடுத்துவிடுவார் என்றார். பணம் எதுவும் கொடுக்கக் கூடாது, பெட்ரோலுக்கு ஏதாவது செய்ய மனசிருந்தால் தங்கள் சங்கத்தில் உண்டியல் இருக்கிறது, போட்டாலும் சரி, போடாவிட்டாலும் யாரும் பார்க்க மாட்டார்கள் என்றார். எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டபோது, பர்ஸ்ட் ஷிப்ட் பஸ் போன பிறகு வரச் சொல்லுங்கள் என்றேன். அவர் சிரித்து, அதை மணியாக்கிச் சொல்லி, சரிதானே என்று கேட்டுக்கொண்டார்.

எங்கள் சந்தில் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். கார் உள்ளே வராது. அதனால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பதாகச் சொன்னேன்.

முதல் தடவை என்பதால் விடியலிலேயே எழுந்து சமைத்தேன். ஒரு ஆள் நமக்காகப் பகல் முழுவதும் வண்டியில் காத்துக்கிடக்கப் போகிறார், சும்மா ஏறி உட்கார்ந்து போவதா. புளிச்சோறு கிளறி, பலாக்கொட்டையைத் தோலுரித்துக் காரமாகப் பொரித்தேன். கேன்டீனில் என் புளிச்சோறு என்றால் ஆபீசர் மாடியிலிருந்தே டிபன் கேரியர் வரும். இரண்டு பேருக்குத் தனித்தனியாக வாழையிலையில் கட்டி எடுத்துக்கொண்டேன்.

தொட்டியடியில் நான் போய் நிற்கும் முன்பே வண்டி நின்றது. ஓட்டிவந்தவர் என்னைவிடக் கொஞ்சம் இளையவர், சுரங்கத்தில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்றவர் என்று டீச்சரம்மா சொல்லியிருந்தார். வெள்ளைச் சட்டை, சுத்தமான வண்டி. பின்கதவைத் திறந்து பிடித்தார். பெல்ட்டை எங்கே மாட்டுவது என்று காட்டினார். பண்ருட்டி தாண்டும் வரை ஒரு பேச்சு இல்லை. எனக்கும் பேசத் தோன்றவில்லை. காரில் பின்னால் தனியாக உட்கார்ந்து போவது ஆபீசர் பெண்சாதிகள் செய்கிற காரியம். நான் அப்படிப் போவதை ஒற்றைக் கண்ணால் ஜன்னல் கண்ணாடியில் நிழலாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் உள்ளே வந்து நர்ஸிடம் சொல்லிவிட்டு, எதிர்ப்புறம் வேப்பமரத்தடியில் வண்டி இருக்கும், முடிந்ததும் போன் போடுங்கள், வாசலுக்கே கொண்டுவருகிறேன் என்று போய்விட்டார். சொட்டு மருந்து, காத்திருப்பு, மறுபடி சொட்டு, கண்ணை ஒரு மெஷினில் வைத்துப் படம் எடுப்பது, பச்சைக் கவுன், ஊசி, கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்வது. நர்ஸே அவருக்குப் போன் போட்டாள். வாசலில் வண்டி வந்து நின்றது. கதவைத் திறந்து, படி இருக்கிறது பார்த்து என்றார். என் கையைப் பிடிக்கவில்லை. அவர் பிடிக்காததும் நல்லது என்றுதான் அப்போது நினைத்தேன்.

வண்டியில் ஏறியதும் பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். "சாப்புடுங்க. உங்களுக்குன்னு கட்டியாந்தது."

"வேணாம்மா. நாங்க வாங்கக் கூடாது" என்றார்.

பணம்தானே வாங்கக் கூடாது, இது சோறு என்றேன். எதுவும் வாங்கக் கூடாது என்றார். முகம் தெரிகிற கண்ணாயிருந்தால் அவர் முகத்தைப் பார்த்திருப்பேன். குரல் மட்டும்தான் இருந்தது, அந்தக் குரலில் எதுவும் இல்லை. என் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டேன். எனக்குப் பசித்தது, சர்க்கரைக்காரி வேளைக்குச் சாப்பிட வேண்டும். ஒருவர் வேண்டாம் என்ற பிறகு அவர் முன்னால் எப்படி அவிழ்ப்பது. வீடு வந்துதான் சாப்பிட்டேன்.

என்னைப் போன்றவர்களுக்கு இது புதுசு இல்லை. நான் பிறந்த தெருவிலிருந்து கூலிக்குப் போனவர்கள் நாற்று நட்டார்கள், நெல் அறுத்தார்கள், முந்திரி உடைத்தார்கள். எங்கள் கை பட்ட நெல் போகாத வீடு இல்லை. ஆனால் அந்த வீட்டுக்காரர்களில் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக் கை நனைத்தவர்கள் யாரும் கிடையாது. கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், யார் வடித்தது என்று கேட்டுவிட்டுத் தட்டை வைத்துப் போன ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். பிறகு பசி வந்து அவரே வரிசையில் நின்றார், அது வேறு. அந்த வெள்ளைச் சட்டைக்காரர் எந்த ஊர், என்ன ஆள் என்று எனக்குத் தெரியாது. என்னை அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். எங்கள் தெருக்காரர்களை எல்லோருக்கும் எப்படியோ தெரிந்துவிடுகிறது.

அடுத்த மாதம் நான் போன் செய்யவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள், வேறு நாள் கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிவைத்தேன். கறை பெரிதாகிக்கொண்டு வந்தது. சுவர்க் கடிகாரத்தில் முள் வளைந்து தெரிந்தது. பாலைப் பொங்கவிட்டுத் தீய்ந்த வாசனையில் தெரிந்துகொண்டேன். கதவைச் சாத்திவிட்டுப் பகலிலேயே படுத்துக் கிடந்தேன். யாரும் வந்து தட்டவில்லை, தட்ட யாருக்கும் காரணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மகன் கேட்டபோது, கண் நன்றாக இருக்கிறது என்றேன்.

டீச்சரம்மாதான் கூப்பிட்டார். "மாசம் ஆயிடுச்சே, ஊசிக்கு நாள் தள்ளிப் போகுதே, ஏம்மா போன் பண்ணல?"

வேறு யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன். முகம் தெரியாதவர் என்பதால் சொன்னேன். "என் கையால ஒரு வாய் சாப்புடாதவரு வண்டியில நான் எப்பிடிங்க ஏறுவேன்?"

அவர் மெதுவாகச் சொன்னார். ஆரம்பத்தில் எல்லோரும் ஏதாவது கொண்டுவந்தார்கள். ஒருத்தர் முந்திரி, ஒருத்தர் வேட்டி துண்டு, ஒருத்தர் ஓட்டலில் பிரியாணி. கொடுக்க வழியில்லாதவர்கள் வெறுங்கையோடு ஏறக் கூசி, கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள். ஒரு பாட்டி அப்படி ஆஸ்பத்திரிக்கே போகாமல் இருந்துவிட்டார். அதன் பிறகுதான் ஒரு பச்சைத் தண்ணீர்கூட வாங்கக் கூடாது என்று டீச்சரம்மாவே விதி வைத்தாராம். "அவர் மேல கோவம் வேணாம். கோவம்னா என் மேல வையுங்க. ஆனா ஊசிய விடாதீங்க."

விதி நியாயமானதுதான். நியாயமாக இருந்தாலும் எனக்கு ஆறவில்லை. விதியால் வாங்காதவரையும் வேறு காரணத்தால் வாங்காதவரையும் பார்த்து எப்படிப் பிரிப்பது. இரண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள். வேறு டிரைவர் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அவரே வரட்டும் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. அவரிடமிருந்து ஓடியதாக இருக்கக் கூடாது என்று நினைத்திருப்பேன்.

அந்த முறையும் இரண்டு பொட்டலம் கட்டினேன். அவர் தொட்டியடியில் நின்றார், கதவைத் திறந்தார். ஒரு ஊசி தவறியதற்கு டாக்டர் என்னைக் கடிந்துகொண்டார். நீர் ஏறியிருக்கிறது, இனி விட்டால் மீட்க முடியாது என்றார். ஊசி முடிந்து வண்டிக்கு வந்தபோது உடனே கிளப்பவில்லை. வேப்பமரத்தடிக்கே ஓட்டிப்போய் நிறுத்தினார். முன்சீட்டில் டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. எலுமிச்சைச் சோறு வாசனை.

"போன தடவை நீங்க சாப்பிடாமலே வந்தீங்க. அதான் இன்னிக்கி நானும் கொண்டாந்தேன்" என்றார். நீங்களும் சாப்பிடுங்கள் என்றார்.

நான் என் பொட்டலத்தை அவிழ்த்தேன். அவர் முன்னால், நான் பின்னால், ஆளுக்கு அவரவர் சோறு. கொஞ்ச நேரம் கழித்து டப்பா மூடியில் எலுமிச்சைச் சோறு வைத்துச் சீட்டுக்கு நடுவில் நீட்டினார். வாங்கக் கூடாது என்றுதான் விதி, கொடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை என்று சிரித்தார். அது அவருடைய நகைச்சுவை. வீட்டில் தனியாகத்தான் சமைத்துக்கொள்கிறேன், உப்பு கூடக்குறைய இருக்கும் என்றும் சொன்னார்.

மூடியை வாங்கிக்கொண்டேன். சாப்பிடவும் செய்தேன். உப்பு குறைவுதான். ஆனால் வாயில் இருந்ததை விழுங்கியதும் சொல்லிவிட்டேன்.

"குடுக்கறவங்க எங்களுக்கு எப்பவும் குடுத்துகினுதாங்க இருந்தாங்க. எங்க கையால வாங்கறதுதான் இல்ல."

அவர் டப்பாவை மூடினார். நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள நினைக்கவில்லை. சண்டைக்கும் சொல்லவில்லை. கண்ணுக்குள் எல்லாம் வெள்ளையாகக் கூசிக்கொண்டிருந்தது, கண்ணை மூடிக்கொண்டேன்.

"நான் அப்பிடி நெனைக்கலம்மா" என்றார் கடைசியில்.

"தெரியாதுங்களே" என்றேன்.

"ஆமா. உங்களுக்கு எப்பிடித் தெரியும்" என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார்.

பண்ருட்டி தாண்டிக் காடாம்புலியூர் வரும்போது வண்டி ஓரம் கட்டியது. பலாப்பழ வாசனை வந்தது, கடைகள் இருக்கிற இடம். கதவைத் திறந்து என் பக்கம் வந்து நின்றார்.

"எனக்கு ஒரு டீ வாங்கித் தருவீங்களா?" என்று கேட்டார்.

விதி என்று ஆரம்பித்தேன். வண்டி நிற்கிறது, இப்போது நான் டிரைவர் இல்லை, டீச்சரம்மாவிடம் நீங்களும் சொல்ல வேண்டாம் என்றார். இறங்கினேன். கடைக்காரரிடம் இரண்டு டீ, ஒன்று சர்க்கரை இல்லாமல் என்றேன். இரண்டுமே சர்க்கரை இல்லாமல் என்று அவர் திருத்தினார். என் மடிப்பையிலிருந்து நான்தான் காசு கொடுத்தேன். பெஞ்சில் ஒரு முனையில் அவர், மறுமுனையில் நான். அவர் உறிஞ்சிக் குடித்த சத்தம் கேட்டது. முகம் பார்க்க முயன்றேன். வெயிலில் ஒரு வெள்ளைச் சட்டையும் இரண்டு காதுகளும்தான் தெரிந்தன.

டீ கடைக்காரர் கையால் போட்டது. என் கையால் இல்லை. அதை நான் உடனே நினைத்தேன், அவரும் நினைத்தாரோ என்னவோ. ஆனால் என் வயசுக்கு ஒரு ஆண்பிள்ளை என்னிடம் எதையாவது வேண்டும் என்று கேட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. மகன்கூட வா, வா என்றுதான் கூப்பிடுகிறானே தவிர, எதையும் கேட்பதில்லை. தண்ணீர்த் தொட்டியடியில் என்னை இறக்கிவிட்டு, நான் பள்ளத்தைத் தாண்டி வீட்டுக் கதவைத் திறக்கிற வரை வண்டி அங்கேயே நின்றது. கதவைச் சாத்திய பிறகுதான் கிளம்பும் சத்தம் கேட்டது. உள்ளே வந்து விளக்கைப் போட்டேன்.

இப்போதும் மாதாமாதம் போகிறேன். இரண்டு நாள் முன்னால் டீச்சரம்மாவுக்குப் போன் செய்கிறேன். அவர் அதே கேள்விகளைக் கேட்கிறார், நான் அதே பதிலைச் சொல்கிறேன். கறை சின்னதாகவில்லை, பெரிதாகவும் இல்லை, இது போதும் என்கிறார் டாக்டர். சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. காடாம்புலியூரில் சிலநாள் டீ உண்டு, சிலநாள் அவருக்கு அவசரம் இருந்தால் இல்லை. புளிச்சோறு மட்டும் நான் இரண்டு பேருக்குத்தான் கட்டுகிறேன். நான் நீட்டுவதில்லை, அவர் கேட்பதில்லை. ஒரு பொட்டலம் அப்படியே திரும்பி வீடு வருகிறது. பொழுது சாய்ந்ததும் அதைப் பிரித்து நானே சாப்பிடுகிறேன். புளிச்சோறு நேரம் ஆக ஆக ருசி கூடும்.